120 ஹெர்ட்ஸ் போட்டதும் திரை கறுப்பு: சுவருக்குள் போன எச்டிஎம்ஐ கேபிள், நீண்ட நாள் பயன்பாட்டில்

குளச்சல் பக்கம் கடலோர வீடு. ஹாலில் 4கே 120 ஹெர்ட்ஸ் டிவி, பக்கத்து அறையில் பிஎஸ்5, இடையே சுவர் பைப்புக்குள் பத்து மீட்டர் செம்புக் கேபிள். 60 ஹெர்ட்ஸில் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. கன்சோலில் `Enable 120 Hz Output` போட்ட பிறகும் மெனு நன்றாகவே வருகிறது. 120-இல் ஓடும் கேமைத் திறந்தால் மட்டும் திரை கறுப்பாகிறது. மூடினால் படம் திரும்பிவிடுகிறது.

கேம் திறக்கும்போது இரண்டு மூன்று வினாடி கறுப்பாவது இயல்புதான், டிவி புதிய சிக்னலுக்கு மாறுகிறது. படம் வந்து, போய், மறுபடி வந்தாலோ வராமலே நின்றாலோதான் கோளாறு.

இரண்டு வருடம் ஓடிய கேபிள் எப்படிக் கெட்டுப்போகும் என்று பலரும் கேட்பார்கள். அது கெடவில்லை. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் வேகமான நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 4கே 60 வரை மூன்று ஜோடி படத்தைச் சுமக்க, நான்காவது தாளத்துக்கான கிளாக் சிக்னலை மட்டும் கொண்டுபோகும். மொத்தம் வினாடிக்கு 18 ஜிகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 4கே 120-இல் நான்காவது ஜோடியும் டேட்டா சுமக்க வேண்டும். பிஎஸ்5 அனுப்புவது 32 ஜிகாபிட் வரை. இதுவரை கிளாக் மட்டும் சுமந்த ஜோடியில் ஒளிந்திருந்த குறை அப்போதுதான் வெளியே வரும்.

அறிகுறியும் மாறும். பழைய முறையில் கேபிள் திணறினால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், முன்கூட்டியே தெரிந்துவிடும். புதிய முறையில் பிழை திருத்தம் இருப்பதால் ஒரு எல்லை வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்; எல்லை தாண்டினால் நேராகக் கறுப்பு. அதனால் ‘படம் தெளிவாத்தானே இருக்கு’ என்பதை வைத்துக் கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

கேபிளா, டிவியா என்று பிரிக்க எளிய வழி உண்டு. ரெசல்யூஷனை 1080p ஆக்கி, 120-ஐ அப்படியே விட்டு அதே கேமைத் திறக்க வேண்டும். 1080p 120-க்குச் சுமார் 9 ஜிகாபிட் போதும். இந்த வீட்டில் படம் நிலையாக நின்றது. டிவியும் கன்சோலும் 120-க்குத் தயார், பாரம் தாங்காதது பாதைதான் என்று தெரிந்தது. உறுதிசெய்ய கன்சோலை டிவி பக்கத்தில் வைத்து, அதனுடன் வந்த குட்டைக் கேபிளைப் போட்டோம். 4கே 120 சிக்கலின்றி வந்தது.

திரையில் எதுவுமே தெரியாமல் சிக்கிக்கொண்டால், கன்சோலை அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை (சுமார் 7 வினாடி) அழுத்திப் பிடிக்க வேண்டும். `Safe Mode` வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் இணைத்து `Change Video Output`-இல் ரெசல்யூஷனைக் குறைக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் புதிய ரிஃப்ரெஷ் ரேட் போட்டுக் கறுப்பானால் எதையும் தொடாமல் 15 வினாடி காத்திருங்கள், பழையதற்கே திரும்பிவிடும்.

கடையில் ‘2.1’, ‘8கே’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். தேட வேண்டியது `Ultra High Speed` என்ற லேபிளும் அதிலுள்ள க்யூஆர் கோடும்தான். அதற்கான அதிகாரப்பூர்வ ஆப்பில் ஸ்கேன் செய்தால் சான்று தெரியும். மூன்று மீட்டருக்குள் இப்படிப்பட்ட செம்புக் கேபிளே போதும். பத்து மீட்டருக்குச் செம்பை நம்ப வேண்டாம், ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான் வேண்டும். அதற்குத் திசை உண்டு: `Source` முனை கன்சோலில், `Display` முனை டிவியில். மாற்றிச் செருகினால் படமே வராது. அந்தக் கேபிளைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. இங்கே சுவரில் இருந்த முக்கால் இஞ்ச் பைப்பின் எல்போவில் தலை நுழையவில்லை. வெளியே ஒன்றரை இஞ்ச் பைப் ஓட்டி, திருப்பங்களில் எல்போவுக்குப் பதில் நீண்ட பெண்ட் வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு கேபிளை ஜாயின்டர் வைத்து இணைப்பது வேண்டவே வேண்டாம்.

120 நிலையாக வந்த பிறகுதான், கேமின் வேகத்துக்கேற்ப ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் `VRR`-ஐத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் குற்றவாளி யாரென்று தெரியாது. 120 நிலையாக நின்று, `VRR` போட்டதும் மட்டும் கறுப்பானால் கேபிளை விட்டுவிட்டு டிவியைப் பாருங்கள்: பல டிவிகளில் நான்கு போர்ட்டில் இரண்டுதான் முழு வேகம், அந்தப் போர்ட்டுக்கான சிக்னல் ஃபார்மேட்டும் கேம் மோடும் தனியாக இயக்கப்பட வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட்டும் பாருங்கள். நடுவில் பழைய சவுண்ட்பார் இருந்தால் அதை விலக்கி, கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும், டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் இஏஆர்சி வழியாக எடுங்கள்.

ஒன்றரை வருடம் கழித்து இதே செட்டப்பில் எப்போதாவது கறுப்பு எட்டிப்பார்த்தது. பிளக்கைக் கழற்றிச் செருகினால் சில நாள் சரியாகும், அதுவே துப்பு. உப்புக்காற்றில் முனை மங்கியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் பிளக்கின் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகியபின் கறுப்பாவது நின்றது. மழைக்காலத்தில் இடி இறங்கும் மாலைகளில் கேபிளையும் பிளக் பாயின்டையும் கழற்றிவிடும் பழக்கம் இப்போது அந்த வீட்டில் உண்டு.