ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும் காப்புறுதி எடுக்கிறவர்கள் கவனம்

கிளிநொச்சியில் என் அத்தான் மேசன் வேலை செய்கிறவர். நாட்கூலி 4,500 ரூபாய். வேலை இடைவிடாமல் கிடைத்தால் மாதம் ஒரு லட்சம் வரை வரும். "வருத்தம் வந்து படுத்தால் குடும்பத்தை நாங்கள் பார்ப்பம் அண்ணை" என்று சொல்லித்தான் முகவர் காப்புறுதி எழுதிக்கொண்டு போனார். ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பித் தரும் பாலிசி அது.

அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. முதலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா. இரண்டும் அரச ஆஸ்பத்திரி, ஒரு சதம் கேட்கவில்லை. பில் இல்லாத இடத்தில் பில்லைத் திருப்பித் தரும் பாலிசி எதைத் தரும்? வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனைக்கு 6,500, அரச வார்டில் படுத்த 11 இரவுக்கு இரவொன்றுக்கு 2,000 வீதம் 22,000. மொத்தம் 28,500. மூன்று லட்சம் தாளில்தான் இருந்தது.

உண்மையான செலவு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. எட்டு மாதம் கூலி இல்லை. அக்கா தையலை விட்டுவிட்டு அவருடனேயே இருந்தார். பம்பர்ஸ், பிசியோதெரபிக்கு ஆட்டோ ஹயர். விடுதியில் படுக்காத செலவு என்று அதில் எதையும் கொம்பனி ஏற்கவில்லை. கேட்கப் போனபோது முகவர், "அதுக்கு வேற பாலிசி இருக்கு" என்றார். எழுதும்போது அந்த வாய் எங்கே போனது?

அந்த வேறு பாலிசியையும் பிறகு வாசித்துப் பார்த்தேன். வருமான இழப்புக்கானது பில் கேட்காது, மாதாமாதம் ஒரு தொகை தரும். மாதம் 60,000, வேலை நின்ற முதல் 90 நாள் காசு தராத காத்திருப்புக் காலம் என்று இருந்தால், அத்தானுக்கு மிச்சம் ஐந்து மாதத்துக்கு மூன்று லட்சம் வந்திருக்கும். ஆனால் இரண்டு இடத்தில் மாட்டுவோம். நாட்கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு இல்லை, வருமானத்தை எதைக் காட்டி நிரூபிப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்தது, 'தன் தொழிலைச் செய்ய முடியாமை'யா, 'எந்தத் தொழிலையும் செய்ய முடியாமை'யா என்பது. இரண்டாவதாக இருந்தால், சாந்து அகப்பை பிடிக்க முடியாத ஆளிடம், வாசலில் காவலுக்கு இருக்கலாமே என்று சொல்லிக் கைகழுவி விடுவார்கள்.

நீண்டகாலப் பராமரிப்புத் திட்டங்கள் இன்னொரு கணக்குப் பார்க்கும். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, மலசலகூடம் போவது, கட்டிலிலிருந்து எழும்பி மாறுவது, மலசலம் அடக்குவது என்ற ஆறில் இரண்டோ மூன்றோ தனியாகச் செய்ய முடியாது என்று வைத்தியர் எழுத வேண்டும். அத்தான் இப்போது சுவரைப் பிடித்து மலசலகூடம் போகிறார், தானே சாப்பிடுகிறார். குளிக்கவும் சேர்ட் போடவும்தான் அக்கா வேண்டும். இரண்டு கேட்கும் திட்டத்தில் பணம் வரும், மூன்று கேட்பதில் வராது. அந்த எண் விளம்பரத் தாளில் இருக்காது, ஒப்பந்தத்தில் 'வரைவிலக்கணம்' பகுதியில் இருக்கும். முகவர் வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேளுங்கள்.