30 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி என்று விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் சுவரில் ஒரு சோதனை

முதியவர்களுக்கான வாசிப்புத் தொகுப்பு என்ற பெயரில் மூன்று பொருள்களைச் சேர்த்து விற்கிறார்கள்: கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி, மேசை விளக்கு, பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வாசிக்க முடியாமல் இருக்கும் என் அம்மாவுக்காக அதை வாங்கினோம். மூன்றுமே சொன்னபடி இல்லை. கண் மங்கிய ஒரு கிழவியால் சரிபார்க்க முடியாது என்ற தைரியத்தில் செய்யும் வியாபாரம் இது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூதக்கண்ணாடியில்தான் பெரிய மோசடி. பெட்டியில் 30 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லென்ஸ் உள்ளங்கை அகலம், சுமார் 10 சென்டிமீட்டர். அம்மா அதை வாங்கி மாத்திரை அட்டையின் மேல் பிடித்தார், ஏற்றினார், இறக்கினார், பிறகு “வெறும் கண்ணாலே பார்ப்பதுபோல்தான் இருக்கிறது” என்று கீழே வைத்துவிட்டார். விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தோம். “வயதானவர்கள் இல்லையா ஐயா, பழகப் பழகத் தெரியும்” என்றார்.

பழக்கத்துக்கும் லென்ஸின் திறனுக்கும் தொடர்பில்லை. திறனை வீட்டிலேயே அளந்துவிடலாம். பகல் நேரத்தில், ஜன்னலிலிருந்து சில மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ச்சுவருக்கு அருகில் லென்ஸைப் பிடியுங்கள். முன்னும் பின்னுமாக நகர்த்தினால் ஓர் இடத்தில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரமோ கட்டடமோ தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். அந்த நிலையில் லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். 100ஐ அந்தச் சென்டிமீட்டர் கணக்கால் வகுத்தால் கிடைப்பது டயாப்டர், அதுதான் லென்ஸின் திறனுக்கான அலகு. டயாப்டரை 4ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது தெரியும். சில தயாரிப்பாளர்கள் அத்துடன் 1 கூட்டிக்கொள்வார்கள்.

எங்கள் லென்ஸில் 20 சென்டிமீட்டர் வந்தது. அதாவது 5 டயாப்டர், ஒன்றேகால் மடங்கு. ஒன்றைக் கூட்டித் தாராளமாகக் கணக்கிட்டாலும் இரண்டேகால்தான். இதைச் சொன்னதும் விற்றவர் பேச்சை மாற்றினார்: லென்ஸின் ஓரத்தில் பதித்திருக்கும் சிறு வட்டம்தான் 30 மடங்காம். மற்ற பகுதியைக் காகிதத்தால் மறைத்து அதையும் அளந்தோம். 8 சென்டிமீட்டர், மூன்று மடங்கை ஒட்டி வருகிறது. உண்மையில் 30 மடங்கு வேண்டுமென்றால் 120 டயாப்டர் வேண்டும். தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட விலகாமல் பிடிக்க வேண்டிய, பட்டாணி அளவு லென்ஸ் அது. 10 மடங்கு லென்ஸே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில்தான் வரும். திறன் கூடக் கூட வளைவு கூடும், அகலம் குறையும். ஆகவே உள்ளங்கை அகல லென்ஸில் இரட்டை இலக்க மடங்கு அச்சிட்டிருந்தால் அது பொய்.

அம்மாவுக்குத் தேவைப்பட்டது எவ்வளவு என்பதைப் பிறகு பார்வைக் குறைவுக்கான மருத்துவமனைப் பிரிவில் கணக்கிட்டுச் சொன்னார்கள். நல்ல வெளிச்சத்தில், 25 சென்டிமீட்டர் தொலைவில், அம்மாவால் அடையாளம் காண முடிந்த மிகச் சிறிய எழுத்து 16 பாயின்ட். செய்தித்தாள் எழுத்தை 8 பாயின்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மடங்கு போதும்போலத் தோன்றும். ஆனால் அது எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் ஆகும். தடையில்லாமல் வாசிக்க, அடையாளம் காணும் அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பெரிய எழுத்து வேண்டும். எனவே நான்கு மடங்கு, 16 டயாப்டர். அந்த லென்ஸ் சுமார் 6 சென்டிமீட்டர் அகலம்தான், தாளிலிருந்தும் 6 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிக்க வேண்டும். கண்ணை லென்ஸுக்கு அருகே கொண்டுபோனால் கூடுதல் சொற்கள் தெரியும். கை நீட்டிப் பிடித்தால் ஒரு சொல்கூட முழுதாக அகப்படாது.

இன்னொன்றையும் அங்கே சொல்லித்தான் அறிந்தோம். கையில் பிடிக்கும் லென்ஸைச் சரியான உயரத்தில் வைத்துப் பார்க்கும்போது, தொலைவைப் பார்க்க அணியும் கண்ணாடிதான் பொருந்தும். இரண்டு பவர் உள்ள கண்ணாடி என்றால் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்குத் தாள் மேல் அப்படியே வைத்து நகர்த்தும் காலுள்ள உருப்பெருக்கி உண்டு. அதற்கு மட்டும் வாசிப்புக் கண்ணாடி. விற்றவர் இதில் எதையும் கேட்கவில்லை. எந்தக் கண் நன்றாகத் தெரிகிறது என்றுகூடக் கேட்கவில்லை. அதைவிட மோசமானது, இது இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதே இல்லை என்று அம்மாவிடம் சொன்னதுதான். நேர்க்கோடு திடீரென நெளிந்து தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழித்திரையில் கசிவு இருக்கலாம், எந்த லென்ஸும் அதை நிறுத்தாது.

விளக்கின் கதை சிறியது. பளிச்சென்று எரிந்தது, ஆனால் கழுத்து வளையவில்லை. மூடி இல்லாததால் வெளிச்சம் தாளைவிட அம்மாவின் கண்ணில்தான் அதிகம் விழுந்தது. விளக்கை 60 சென்டிமீட்டரிலிருந்து 30க்குக் கொண்டுவந்தால் தாளில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் வாட் எண்ணிக்கையைவிட, தாளருகே வளைந்து இறங்கும் கழுத்தும் பல்பை மறைக்கும் மூடியும் முக்கியம். நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக, கண் மட்டத்துக்குக் கீழே வைக்க வேண்டும். பூதக்கண்ணாடியின் லென்ஸைச் சுற்றிப் பதித்த சிறு விளக்குகளால் வழவழப்பான தாளில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக மின்னின. மாத்திரை அட்டையில் அவை பெயரையே மறைத்தன.

புத்தகத்தின் அட்டையில் பெரிய எழுத்து என்று இருந்தது. கணினியில் ஒரே வரியை 12, 14, 16, 18 பாயின்ட்டில் அச்சிட்டு, அந்தத் தாளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 12உடன் பொருந்தியது. பக்கத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய எழுத்து என்றால் 16 முதல் 18 பாயின்ட் இருக்க வேண்டும். மெல்லிய கோடுகளில், சாம்பல் நிறத்தில் அச்சிட்டதால் மெய்யெழுத்தின் புள்ளிகள் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. ‘கல்’ எது, ‘கல’ எது என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனார். அளவு சரியாக இருந்தாலும் தடித்த, கரிய எழுத்து இல்லையென்றால் தமிழில் இந்தச் சிக்கல் தீராது.

பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். பிரிக்காமல் லென்ஸை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இதே தொகுப்பு இப்போது வேறு பெயரிலும் வருகிறது, பெட்டியின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. உங்களிடம் யாராவது காட்டினால் மடங்கைப் பற்றிப் பேசாதீர்கள். டயாப்டர் எத்தனை, எழுத்து எத்தனை பாயின்ட், விளக்கின் கழுத்து எவ்வளவு வளையும் என்று கேளுங்கள், பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.