மெத்தையை நனைக்காமல் ஓட்டிய நான்கு வருடம்

எங்கள் மெத்தை ஆறு அங்குலம். உள்ளே ரப்பர் பூசிய தென்னை நார், மேலே ஒரு அங்குலம் ஃபோம். சென்னையில் வாடகை வீடு, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர். மகள் காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல் போடுவாள். வெளியே போய்விட்டால் சரியாகிவிடும். பரிசோதித்த டாக்டர், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணியால் வரும் அலர்ஜி என்றார்.

உடனே ஒரு ஆளை வரவழைத்து ஷாம்பூ போட்டு மெத்தையைக் கழுவினேன். அதுவும் அக்டோபரில்! ஆறு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார். மேல் துணி காய்ந்தது உண்மைதான். நான்காம் நாள் ஓரத்தை அழுத்தினால் உள்ளே சில்லென்று இருந்தது, பூசண வாடையும் வந்தது. தும்மல் கூடியதுதான் மிச்சம்.

தூசு உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. ஈரப்பதம் நாள் முழுக்க 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மெல்ல வற்றிச் சாகும். மெத்தையை நனைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி.

அதன்பிறகு தண்ணீரே தொடவில்லை. வருடத்துக்கு மூன்று முறை வெயிலில் போடுகிறேன்: பிப்ரவரி கடைசி, மே, அப்புறம் மழைக்கு முன் செப்டம்பர். காலை ஒன்பதரைக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவோம். தரையில் போடாமல் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் கிடத்துகிறோம், அடியிலும் காற்றுப் போகட்டும் என்று. பன்னிரண்டு மணிக்குப் புரட்டுவோம். இரண்டு மணிக்கெல்லாம் கீழே இறக்கிவிடுவோம். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறினால், காய்ந்த மெத்தை மறுபடி ஈரம் குடிக்கும். முதல் வருடம் ஐந்து மணி வரை விட்டுவைத்து இதைத் தெரிந்துகொண்டேன்.

ஃபோம் பக்கம் மேலே வரும்போது பழைய கறுப்பு வேட்டியைப் போர்த்துகிறேன். நேர் வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி, நாளடைவில் பொடியாக உதிரும். கறுப்புத் துணி சூட்டையும் நன்றாக இழுக்கும். முழு ஃபோம், லேட்டக்ஸ் மெத்தை வைத்திருப்பவர்கள் வெயிலில் போடவே வேண்டாம்; நிழலில் சாய்த்து நிறுத்தி ஃபேன் போட்டால் போதும்.

வேக்குவம் விஷயத்தில்தான் ஒரு வருடம் தப்புப் பண்ணினேன். முதலில் உறிஞ்சிவிட்டு அப்புறம் வெயிலில் போடுவேன். உயிரோடு இருக்கும் உண்ணி நூலைப் பிடித்துக்கொள்ளும், வேக்குவத்தில் அவ்வளவாக வராது. மேலும் அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். வெயில் உண்ணியைக் கொன்றாலும் எச்சமும் செத்த உடலும் மெத்தையிலேயே கிடக்கும். ஆகவே இப்போது வெயில் முதலில், வேக்குவம் பிறகு. மாடியிலேயே இரண்டு பக்கமும் தட்டிவிட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சோபா துடைக்கும் குட்டை முனையை மாட்டி, ஒரு சாண் அகலப் பட்டையாக மெதுவாக இழுக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகும். ஓரத்துப் பைப்பிங் மடிப்புக்கு ஒடுங்கிய முனை. அங்கேதான் மாவு மாதிரி சாம்பல் தூசு அதிகம் வரும். நுண்ணிய தூசையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத மெஷின் அந்தத் தூசை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும். டப்பாவை மாஸ்க் போட்டு வெளியே காலி செய்யுங்கள். அன்று மாலை வரை மகளுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை.

சமையல் சோடா தூவியும் பார்த்தேன். வாடை போனது; உண்ணிக்கு அது ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை, ஃபில்டர்தான் அடைத்துக்கொண்டது.

ஆறு அங்குலத்தின் நடுவரைக்கும் வெயில் சூடு முழுதாக இறங்காது. எங்கள் அறையில் மாட்டிய ஈரப்பதமானி மழைக்காலத்தில் 80 காட்டுகிறது. இந்த ஊரில் உண்ணியை ஒழித்துவிட முடியாது. அதனால் இரண்டாம் வருடம் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த முழு உறை ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது வாராவாரம் உறைமேல்தான் வேக்குவம். விரிப்பும் தலையணை உறையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். காலையில் எழுந்ததும் படுக்கையை மடித்து மூடுவதில்லை. விரிப்பை விலக்கி ஒரு மணி நேரம் ஃபேன் ஓடவிட்டு, இரவு வியர்வை காய்ந்த பிறகே மூடுகிறோம்.

தும்மல் இப்போது இரண்டு மூன்றில் நிற்கிறது. நவம்பரில் கொஞ்சம் ஏறும். மெத்தை நடுவில் லேசாகக் குழிந்துவிட்டது. அடுத்தது வாங்கும்போது ஆறுக்கு ஐந்தாக ஒரே மெத்தை வாங்கமாட்டேன், இரண்டு சிங்கிளாகத்தான். மாடிப்படித் திருப்பத்தில் இந்த யானையை வளைத்து ஏற்றுவதற்குள் எனக்கும் கணவருக்கும் மூன்று முறையும் சண்டை வந்துவிடுகிறது.