போர்டு மினிட்ஸிலிருந்து மில் மேனேஜருக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு: ஐந்து வருட அனுபவம்

காரைக்குடி செக்காலையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து போர்டு மீட்டிங் மினிட்ஸ் வரும். சில தடவை 14 பக்கம், சில தடவை 22 பக்கம், எல்லாம் ஆங்கிலம். எங்களுக்குப் புதுவயலில் இரண்டு புழுங்கல் அரிசி மில், தேவகோட்டைப் பக்கம் ஒன்று. மூன்று மேனேஜர்களும் நெல்லைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர்கள். ஆனால் 22 பக்க ஆங்கிலத்தில் தங்கள் மில்லுக்கான நாலு வரி எங்கே என்று தேட அவர்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அதைச் சுருக்கித் தமிழில் கொடுக்கும் வேலை ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. கம்பெனி சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது நான்கு கூட்டம். இதுவரை 22 மினிட்ஸைச் சுருக்கியிருக்கிறேன். இந்த முறையில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதை எழுதுகிறேன்.

முதல் வருடம் மினிட்ஸ் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் சுருக்கினேன். வருகைப் பதிவு, முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிசெய்தது, காலாண்டுக் கணக்கு, அப்புறம் மில் விஷயங்கள். தமிழில் நாலு பக்கம் வந்தது. யாரும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மில் விஷயம் தொடங்குவதே மூன்றாம் பக்கத்தில்தான்.

ஆனால் நீளத்தைவிடப் பெரிய தவறு வேறு இடத்தில் இருந்தது. அது தெரியவந்தது ஒரு ட்ரையர் விஷயத்தில்.

புதுவயல் மில் ஒன்றுக்குப் புது ட்ரையர் வேண்டும் என்று போர்டுக்குப் போனது. மினிட்ஸில் ஒரே வாக்கியம்: போர்டு 'இன் பிரின்சிபிள்' ஒப்புக்கொள்கிறது, செலவு 8.5 மில்லியனுக்கு மிகக் கூடாது, வங்கியின் டெர்ம் லோன் சாங்ஷனுக்கு 'சப்ஜெக்ட் டு'. நான் எழுதிய தமிழ் இது: "வங்கியின் கடன் அனுமதிக்கு உட்பட்டு, 85 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், புதிய ட்ரையர் நிறுவ இயக்குநர் குழு கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது."

மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் ஒரு சொல்கூடத் தவறில்லை. மில்லியனை லட்சமாக்கியதும் சரி. மேனேஜர் அதைப் படித்துவிட்டு மறு வாரமே அஸ்திவாரம் போட மேஸ்திரிக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். வங்கிக் கடன் கேட்டதைவிடக் குறைவாக, அதுவும் ஐந்து மாதம் கழித்து வந்தது. வாங்கிய ட்ரையர் முதலில் பேசியதைவிடச் சின்னது. அஸ்திவாரத்தில் பதித்திருந்த போல்ட்டுகளின் இடைவெளி அதற்குப் பொருந்தவில்லை. கான்கிரீட்டை உடைத்துத் திரும்பப் போட்டார்கள்.

அவரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். "தம்பி, நீங்கதானே ஒப்புதல் அளித்ததுன்னு எழுதியிருக்கீங்க" என்றார். தாளை எடுத்துக் காட்டினார். வாக்கியத்தின் கடைசியில் அந்தச் சொல் நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த "உட்பட்டு", "மிகாமல்", "கொள்கை அளவில்" எல்லாம் அதை நோக்கி ஓடும் வழியில் கரைந்துபோயின.

இதை யோசித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஆங்கில மினிட்ஸில் போர்டு என்ன செய்தது என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். நிபந்தனை வாலில் தொங்கும். படித்து முடிக்கும்போது மனதில் நிற்பது நிபந்தனை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், நிபந்தனை முன்னால் போய்விடும். ஆகவே எவ்வளவு நேர்மையாக மொழிபெயர்த்தாலும், தமிழில் படிப்பவர் மனதில் தங்குவது "அளித்தது" என்ற முடிவுதான். நிபந்தனையோடு வரும் தீர்மானத்தை ஒரே தமிழ் வாக்கியமாக எழுதவே கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

இப்போது அதே தீர்மானத்தை இப்படி எழுதுவேன்: "புது ட்ரையர் யோசனை போர்டுக்குச் சம்மதம். ஆனால் செலவு செய்ய இன்னும் அனுமதி இல்லை. வங்கிக் கடன் கிடைத்த பிறகுதான் ஆர்டர். அதுவரை முன்பணம், அஸ்திவாரம் எதுவும் வேண்டாம். கடன் கிடைத்தால் உச்சவரம்பு 85 லட்சம்." ஐந்து சின்ன வாக்கியம். மூலத்தில் 'அஸ்திவாரம்' என்ற சொல்லே இல்லை. ஆனால் மில்லில் இருப்பவர் கை அடுத்து எதை நோக்கிப் போகும் என்று தெரிந்திருந்தால் அதைச் சேர்க்கத்தான் வேண்டும். இப்படி நானாகச் சேர்க்கும் வரிகளை மட்டும் கம்பெனி செக்ரட்டரிக்கு அனுப்பி, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகே மில்லுக்கு அனுப்புகிறேன்.

அடுத்ததாக வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். மினிட்ஸில் திரும்பத் திரும்ப வருபவை ஆறேழுதான், ஆனால் அவற்றின் எடை வேறு வேறு. 'நோட்டட்' என்பதை "கவனத்தில் கொண்டது" என்று எழுதிவந்தேன். தேவகோட்டை மேனேஜர் உமிச் செலவு கூடியதற்குக் காரணம் எழுதி அனுப்பியிருந்தார், போர்டு 'நோட்டட்'. தமிழில் படித்தவர், தன் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று நிம்மதியாகிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி திரும்ப வந்தபோது அவருக்கு மன வருத்தம். இப்போது "போர்டு தெரிந்துகொண்டது, முடிவு எதுவும் சொல்லவில்லை" என்று எழுதுகிறேன். 'ராட்டிஃபைட்' இன்னும் கவனம் கேட்கும். ஏற்கனவே செய்துவிட்ட ஒன்றுக்குப் பின்னால் கொடுக்கும் ஒப்புதல் அது. "இந்த ஒரு தடவைக்கு மட்டும், அடுத்த தடவை முன்னாலேயே கேட்க வேண்டும்" என்ற வரி இல்லாமல் அதை நான் அனுப்புவதே இல்லை. 'ஜாயின்ட்லி', 'செவரலி' இரண்டும் கையெழுத்து விஷயம். முதலாவதற்கு "இருவரும் சேர்ந்து", இரண்டாவதற்கு "இருவரில் யாராவது ஒருவர்". அகராதிச் சொல் போட்டால் காசோலை மேஜையிலேயே கிடக்கும்.

சொற்களைப் பொறுத்தவரை இந்த ஊர் எனக்குப் பெரிய உதவி. பேலன்ஸ் ஷீட் என்பதற்கு "இருப்புநிலைக் குறிப்பு" என்று எழுதியபோது ஒருவர்கூடப் புரிந்துகொள்ளவில்லை. ஐந்தொகை என்று எழுதினேன், கேள்வியே வரவில்லை. மூன்று மேனேஜர்களில் இரண்டு பேர் செட்டிநாட்டுக் கடைகளில் கணக்கு எழுதி வளர்ந்தவர்கள். பற்று, வரவு, பேரேடு எல்லாம் அவர்கள் நாவில் இருக்கிற சொற்கள். அதே சமயம் பாய்லரைக் கொதிகலன் என்றோ சார்ட்டெக்ஸை வண்ணப்பிரிப்பி என்றோ எழுதினால் அது அவர்களுக்கு இன்னொரு அந்நிய மொழி.

இப்போதைய வடிவம் மூன்று வருடமாக மாறவில்லை. ஒவ்வொரு மில்லுக்கும் தனித்தனியாக ஒரு பக்கம். மேலே, அந்த மேனேஜர் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள் என்பதோடு. அதன் கீழே, செய்யக் கூடாதது. கடைசியில், தெரிந்திருந்தால் போதும் என்கிற விஷயங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மினிட்ஸின் பத்தி எண் இருக்கும், சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்த்துச் சொல்ல. முதலில் தீர்மானங்களை மட்டும் படிக்கிறேன். விவாதப் பகுதியை அப்புறம்தான் தொடுகிறேன். விவாதத்தில் ஒரு இயக்குநர் சொன்ன யோசனை தீர்மானத்தில் இடம்பெறவில்லை என்றால் அது குறிப்பில் வராது. ஒரு தடவை அப்படி ஒரு யோசனையைச் சேர்த்து, இரவு ஷிப்ட்டை நிறுத்தப்போகிறார்கள் என்று மில் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

தாளை அனுப்பிய மறுநாள் மூன்று பேருக்கும் போன் செய்கிறேன். "புரிந்ததா அண்ணே" என்று கேட்பதில்லை. புரிந்தது என்றுதான் பதில் வரும். "திங்கட்கிழமை வந்ததும் முதலில் என்ன செய்யப்போறீங்க அண்ணே" என்று கேட்கிறேன். அந்தப் பதிலில்தான் என் தாளின் ஓட்டை தெரியும். போன காலாண்டில் ஒருவர், "பழைய மோட்டாரை ஏலத்துக்கு விடணும்" என்றார். போர்டு சொன்னது ஏலத்துக்கு விலைப்புள்ளி வாங்குவதற்கு மட்டும். என் வரியில் "ஏலம் தொடர்பான நடவடிக்கை" என்று இருந்தது. 'நடவடிக்கை' என்ற சொல்லை அதற்கப்புறம் நான் பயன்படுத்துவதில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது காலதாமதம். வரைவு மினிட்ஸைக் கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள், மினிட்ஸ் புத்தகத்தில் ஏற 30 நாள். ஆரம்பத்தில் வரைவு கைக்கு வந்த அன்றே சுருக்கி அனுப்பிவிடுவேன். ஒரு தடவை இயக்குநர் ஒருவர் வரைவில் இருந்த தேதி தவறு என்று திருத்தினார். அதற்குள் மில்லில் பழைய தேதிக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த 7 நாள் முடியக் காத்திருக்கிறேன். அவசரமானால் எம்.டி.யே மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறார், தாள் பின்னால் போகிறது.

இரண்டாவது, ரகசியம். பொதுக்குழுக் கூட்டக் குறிப்பைப் பங்குதாரர் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. போர்டு மினிட்ஸுக்கு அந்த உரிமை பங்குதாரருக்கே கிடையாது. சம்பளம், வழக்கு, கடன் பேச்சுவார்த்தை ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை. ஆனால் ட்ரையர் மாதிரி விஷயத்தில் கடன் நிலைமையைச் சொல்லாமல் காரணம் சொல்ல முடியாது. எவ்வளவு சொல்லலாம் என்பதைச் செக்ரட்டரி ஒவ்வொரு தடவையும் தனியாக முடிவு செய்கிறார். அதனால் அரை நாள் வேலை ஒன்றரை நாளாக நீளும்.

சின்ன விஷயம் ஒன்று: பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினால் போனில் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டி, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். புதுவயல் மேனேஜர் அதையும் அச்செடுத்து, எடைமேடை அறையில் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் குத்திவைக்கிறார். போன வாரம் போயிருந்தபோது 11 தாள் இருந்தது. ட்ரையர் பற்றிய அந்தப் பழைய தாளும் அடியில் இருக்கிறது. "ஒப்புதல் அளித்தது" என்ற இடத்தில் சிவப்பு மையில் அவர் போட்ட கோடு இன்னும் மங்கவில்லை.