இரண்டு பேர், ஒரு பிரின்டிங் மெஷின்: தனி உரிமையா, கூட்டா, பிரைவேட் லிமிடெட்டா?

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாதம் இரண்டு முறையாவது இந்தக் கேள்வி வரும். போன வாரம் வந்தவர்கள் இரண்டு நண்பர்கள். டி-ஷர்ட்டில் பிரின்ட் அடித்துத் தரும் ஜாப் ஒர்க் தொடங்குகிறார்கள். ஒருவர் ஆறு லட்சம் போட்டு மெஷின் வாங்குகிறார். இன்னொருவரிடம் பணம் இல்லை, ஆர்டர் இருக்கிறது, வேலை தெரியும். எல்லாச் செலவும் போக வருடத்துக்கு ஒன்பது லட்சம் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

"இப்போதைக்கு என் பேர்லயே போட்டுருங்கண்ணா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் மெஷின்காரர்.

தனி உரிமை, அதாவது புரொப்ரைட்டர்ஷிப், அவ்வளவு சுலபம்தான். தனியாகப் பதிவு எதுவும் கிடையாது. அவருடைய பான் எண்ணே கடையின் பான் எண். சிறுதொழில்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் உத்யம் பதிவையும் ஜிஎஸ்டி எண்ணையும் காட்டினால் பெரும்பாலும் கரன்ட் அக்கவுன்ட் திறந்துவிடலாம். வரியிலும் லாபம்: இன்றைய புது வரி முறையில் தனிநபருக்கு 12 லட்சம் வருமானம் வரை வரி வராது, ஒன்பது லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர் மட்டும் நடத்தும் தொழில் என்றால் நான் இத்தோடு பேச்சை முடித்திருப்பேன்.

ஆனால் இங்கே இரண்டு பேர். பான், ஜிஎஸ்டி, பாங்க் எல்லாம் மெஷின்காரர் பேரில் இருந்தால், ஆர்டர்காரர் காகிதத்தில் யார்? சம்பளக்காரர். மூன்று வருடம் ஓடி யூனிட் நன்றாக வந்த பிறகு, பாதி எனக்கு என்று அவர் கேட்டால், வாய்வார்த்தையாகக் கூட்டு இருந்தது என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் நஷ்டம் உண்டு. கடன் மொத்தமும் மெஷின்காரர் தலையில்தான் விழும், நண்பர் கையை உதறிவிட்டுப் போய்விடலாம்.

சரி, கூட்டு நிறுவனம். பார்ட்னர்ஷிப் டீடு எழுதுகிறோம். பலர் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டீடு வைத்துப் பான் வாங்கலாம், பாங்க் கணக்கும் திறக்கலாம். ஆனால் நிறுவனம் பதிவானதாக ஆகாது. பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்க வேண்டும். 1932-ஆம் வருடத்துக் கூட்டு நிறுவனச் சட்டம் பதிவைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஆனால் 69-ஆவது பிரிவில் ஒரு கொக்கி வைத்திருக்கிறது: பதிவாகாத நிறுவனம், ஒப்பந்தத்தின் பேரில் வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. அந்த வெளியாள் இவர்கள் மேல் போடலாம். பில் பாக்கியிலேயே காலம் ஓடும் ஜாப் ஒர்க்கில் இது சின்ன விஷயம் இல்லை. எங்களிடம் வந்த ஒரு யூனிட்டுக்கு நாலு லட்சம் பாக்கி. பார்ட்டி ஒப்புக்கொண்ட கடிதம்கூட இருந்தது. வக்கீல் முதலில் கேட்டது அந்தக் கடிதத்தை அல்ல, நிறுவனப் பதிவுச் சான்றைத்தான். அது இல்லை.

அடுத்தது வரி. கூட்டு நிறுவனத்துக்கு அடுக்கு கிடையாது, முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம், செஸ் சேர்த்தால் 31.2. ஒன்பது லட்சத்துக்கு அப்படியே போட்டால் 2,80,800 ரூபாய். இதைக் கேட்டதும் ஆர்டர்காரர் எழுந்தே விட்டார். உட்காரச் சொல்லி மீதியைச் சொன்னேன். வேலை செய்யும் பங்குதாரர்களுக்குச் சம்பளம் என்று டீடில் எழுதியிருந்தால், அதைச் செலவாகக் கழிக்கலாம். வரம்பு உண்டு: லாபத்தில் முதல் ஆறு லட்சத்துக்கு 90 சதவீதம், அதற்கு மேல் 60 சதவீதம். இவர்களுக்கு 5,40,000 உடன் 1,80,000, ஆக 7,20,000. மீதி நிற்கும் 1,80,000-க்கு மட்டும் வரி, 56,160 ரூபாய். ஆளுக்கு 3,60,000 சம்பளம். வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு அவர்கள் கையில் வரி வராது. 2025 ஏப்ரல் முதல் பங்குதாரர் சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதால், ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கும் வேலை மட்டும் ஒன்று இருக்கிறது.

ஆக, டீடில் அந்த ஒரு பத்தி இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் வருடத்துக்கு இரண்டேகால் லட்சம். ஜெராக்ஸ் கடையில் விற்கும் மாதிரி டீடை வாங்கிப் பேரை மட்டும் மாற்றுபவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்தப் பத்தியைத்தான்.

பிரைவேட் லிமிடெட்டில் வரி எப்படி? இங்கே என் தொழில்காரர்கள் பலர் வாய் திறக்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பேரும் டைரக்டர் ஆகி, செய்யும் வேலைக்குத் தகுந்த சம்பளம் என்று ஆளுக்கு நாலரை லட்சம் எடுத்தால் கம்பெனியில் லாபமே நிற்காது. தனிநபர் வரியும் வராது. கூட்டில் கட்டும் 56,160 இங்கே இல்லை. ஆனால் விற்பனை ஒரு ரூபாயே ஆனாலும் ஆடிட் கட்டாயம், வருடாந்திரப் படிவங்களும் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் எல்லாம் சேர்ந்து முப்பது, நாற்பதாயிரம் ஆகிவிடும். மறந்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவத்தை ஒரு வருடம் விட்டால் 73,000. யூனிட்டை மூடிவிட்டோம் என்று சும்மா இருந்தாலும் மீட்டர் ஓடும், முறைப்படி கம்பெனியின் பேரை நீக்கும் வரை. இன்னொன்று, கம்பெனி பணம் உங்கள் பணம் அல்ல. வீட்டுக் கல்யாணத்துக்குக் கணக்கிலிருந்து இரண்டு லட்சம் எடுத்தால், டைரக்டருக்குக் கொடுத்த கடன் என்று சட்டம் குறுக்கே நிற்கும்.

பொறுப்பு அளவோடு நிற்கும் என்பதுதானே கம்பெனியின் பெருமை? பாதி உண்மை. பாங்கில் மெஷின் லோன் கேட்டால் டைரக்டர்களின் சொந்த ஜாமீன் கையெழுத்தையும் கேட்பார்கள், அங்கே வேலி உடைந்துவிடும். ஆனால் துணிக்காரரிடம் அந்த வேலி நிற்கும். இரண்டாயிரம் பீஸ் அடித்துக் கொடுத்து, முதல் துவைப்பிலேயே பிரின்ட் உரிந்து, எக்ஸ்போர்ட்டர் அந்த நஷ்டத்துக்காக இவர்கள் கணக்கில் மூன்று லட்சம் டெபிட் போடுகிறார் என்று வையுங்கள். கம்பெனி என்றால் அதன் சொத்தோடு முடியும். கூட்டில் முழுத் தொகையையும் யார் கையில் பணம் இருக்கிறதோ அவரிடமே வசூலிக்கலாம். இங்கே அது மெஷின்காரர், அவருக்குத்தான் வீடு இருக்கிறது.

கூட்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால், தொடரும் என்று டீடில் எழுதியிருந்தாலும் நிறுவனம் கலைந்துவிடும், ஒற்றை ஆளால் கூட்டு இருக்க முடியாது. கம்பெனிக்கு அந்தச் சிக்கல் இல்லை, பங்குகள் வாரிசுக்குப் போகும்.

என் வாக்கு இவர்களுக்கு, பதிவு செய்த கூட்டு நிறுவனத்துக்கே. ஜாப் ஒர்க் என்பதால் துணி அவர்களுடையது அல்ல, டெபிட் ஆபத்து இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு லாட்டிலும் வாஷ் டெஸ்ட் எடுத்துப் பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கி வைப்பது கம்பெனி ஆரம்பிப்பதைவிட மலிவு. சொந்த பிராண்டில் துணி எடுத்துக் கடனில் விற்கப் போகிறார்கள் அல்லது வெளியார் முதலீடு வருகிறது என்றால் நானே கம்பெனி என்பேன். பொறுப்பு அளவோடு நிற்கும் கூட்டு வகையான எல்எல்பி பற்றியும் கேட்டார்கள்; வரி கூட்டைப் போல, தாக்கல் தொல்லை கம்பெனியைப் போல, இந்த அளவுக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

டீடு எழுதும்போது மெஷினில் வந்து நின்றது. முதலாகக் கொண்டுவந்தால் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும் என்றதும் மெஷின்காரர் முகம் மாறியது. கடைசியில் ஆறு லட்சத்தை அவர் கணக்கில் முதலாகக் காட்டி, வருடத்துக்கு 12 சதவீதம், அதாவது 72,000 வட்டி அவருக்கு என்று எழுதினோம். அதுவும் செலவாகக் கழியும், வரி இன்னும் கொஞ்சம் இறங்கும். பிரிந்தால் அன்றைய மதிப்பைக் கொடுத்து மெஷினை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமையும் அவருக்கே. "ஆர்டர் எல்லாம் யாருக்கு?" என்று கேட்டார் நண்பர். அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.