சரிவக விதி: இன்னும் நறுக்குவதா, இருப்பதை வைத்துப் புறச்செருகுவதா?

ஒரு தொகையீட்டைச் சரிவக விதியால் கணக்கிட்டுவிட்டோம், விடை போதுமான அளவுக்குச் சரியாக இல்லை. இப்போது இரண்டு வழிகள். இடைவெளியை இன்னும் பொடியாக நறுக்கிக்கொண்டே போகலாம். அல்லது ஏற்கெனவே கிடைத்த சில மதிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிழையைக் கழித்துப் பார்க்கலாம். இரண்டாவதற்குத்தான் புறச்செருகல் என்று பெயர். ஒரே கணக்கில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம்.

கணக்கு: 1/x என்ற சார்பை 1 முதல் 2 வரை தொகையிடுவது. உண்மை விடை ln 2 = 0.693147181. எனவே ஒவ்வொரு படியிலும் எவ்வளவு தவறுகிறோம் என்பதை நேரடியாகவே பார்க்கலாம்.

முதலில் வெறும் நறுக்கல். ஒரே கூறாக எடுத்தால் 0.75. இரண்டு கூறுகளில் 0.708333, நான்கில் 0.697024, எட்டில் 0.694122. பிழைகள் முறையே 0.0569, 0.0152, 0.00388, 0.000975. கூறுகளை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் பிழை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிறது. ஒழுங்கான குறைவுதான், ஆனால் மெதுவானது. ஒரு தசம இலக்கம் கூடுதலாகக் கிடைக்க மூன்று மடங்குக்கும் மேல் வேலை.

இந்த நான்கு எங்கிருந்து வருகிறது? h அகலமுள்ள ஒரு கூறில் சரிவகம் செய்யும் பிழை ஏறத்தாழ h³/12 × f''. எல்லாக் கூறுகளின் பிழையையும் கூட்டும்போது ஒரு h தொகையீட்டுக்குள் போய்விடுகிறது. மிஞ்சுவது h²/12 பெருக்கல் f''-இன் தொகையீடு. அதுவோ f'(b) − f'(a) தான். அதாவது நடுவில் சார்பு எப்படி வளைந்து நெளிந்தாலும், பிழையின் முதல் உறுப்பைத் தீர்மானிப்பவை இரண்டு முனைகள் மட்டுமே. அடுத்தடுத்த உறுப்புகளுக்கும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் மெக்லாரினும் தனித்தனியாகக் கண்ட வாய்பாடு இதை முழுதாகச் சொல்கிறது. இதில் T(h) என்பது h அகலக் கூறுகளில் சரிவக விதி தரும் விடை, I என்பது உண்மை விடை:

```
T(h) = I + (h²/12)[f'(b) − f'(a)] − (h⁴/720)[f'''(b) − f'''(a)] + ...
```

இதில் ஒற்றைப்படை அடுக்குகளே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கூறையும் அதன் நடுப்புள்ளியிலிருந்து விரித்து எழுதினால் இடமும் வலமும் சமச்சீர். அதனால் ஒற்றைப்படை உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பிழை h², h⁴, h⁶ என்று தாவுகிறது. பின்னால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி இந்தத் தாவலால்தான்.

நம் கணக்கில் f'(2) − f'(1) = 3/4. எனவே முதல் உறுப்பு h²/16. h = 1/8 போட்டால் 0.000977, நாம் கண்ட பிழையோ 0.000975. இடையிலுள்ள சிறு வித்தியாசத்தை அடுத்த உறுப்பான −h⁴/128 சரிக்கட்டிவிடுகிறது.

சரி, பிழையின் வடிவம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தபின் அதை ஏன் சுமக்க வேண்டும்? T(h)-இல் c·h² பிழை இருந்தால் T(h/2)-இல் அதன் கால்பங்கு இருக்கும். c என்னவென்று தெரியவே வேண்டாம். [4T(h/2) − T(h)]/3 என்று எடுத்தால் h² உறுப்பு முற்றாக ஒழிந்துபோகிறது. மிஞ்சுவது h⁴-இல் தொடங்குகிறது. அதற்கும் இதே வித்தையை 16, 15 என்ற எண்களோடு செய்யலாம். அப்புறம் 64, 63. ரிச்சர்ட்சனின் இந்த யோசனையைச் சரிவக விதியின் மேல் அடுக்கடுக்காகப் போடும் அட்டவணையை ரோம்பெர்க் 1955இல் வெளியிட்டார்:

```
n   T            4,3          16,15        64,63
1   0.750000000
2   0.708333333  0.694444444
4   0.697023810  0.693253968  0.693174603
8   0.694121850  0.693154531  0.693147901  0.693147478
```

கடைசி எண்ணின் பிழை 0.0000003. சார்பை மதிப்பிட்டது ஒன்பதே புள்ளிகளில். கூறுகளைப் பாதியாக்கும்போது பழைய புள்ளிகள் எல்லாம் மீண்டும் பயன்படுவதால் ஒன்றும் வீணாகவில்லை. வெறும் நறுக்கலில் இதே துல்லியம் வேண்டுமென்றால் h²/16 என்ற கணக்குப்படி சுமார் 460 கூறுகள் வேண்டும். இரண்டாம் நெடுவரிசை வேறெதுவும் இல்லை, நமக்குப் பழக்கமான சிம்சன் விதியேதான். எட்டுக் கூறுகளில் அதன் பிழை 0.0000074. சிம்சனோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்னும் சில கழித்தல், வகுத்தல்களில் கிடைக்கக்கூடியதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இதெல்லாம் விரிவு உண்மையிலேயே h², h⁴, h⁶ என்று போகும்போதுதான். √x-ஐ 0 முதல் 1 வரை எடுத்துப் பாருங்கள். 0-இல் வகைக்கெழு முடிவிலிக்கு ஓடுகிறது, அதனால் பிழையில் h^1.5 என்ற உறுப்பு நுழைகிறது. 4-ஐயும் 16-ஐயும் வைத்து அதை ஒழிக்க முடியாது. எட்டுக் கூறுகளில் சரிவகப் பிழை 0.0085. ரோம்பெர்க் அட்டவணையின் கடைசி மூலையில் 0.0031. மூன்று படிகள் ஏறியும் மூன்று மடங்குகூட லாபமில்லை.

இது நடக்கிறதா என்று உண்மை விடை தெரியாமலே கண்டுபிடிக்கலாம். முதல் நெடுவரிசையில் அடுத்தடுத்த வித்தியாசங்களை வகுத்துப் பாருங்கள். 1/x-இல் அந்த விகிதம் 3.68, 3.90 என்று 4-ஐ நோக்கிப் போகிறது. √x-இல் 2.61, 2.68 என்று ஊர்ந்து 2.83-ஐ நோக்கிப் போகிறது, அதாவது 2^1.5. விகிதம் 4-ஐ நெருங்காவிட்டால் மற்ற நெடுவரிசைகளை நம்ப வேண்டாம். இங்கே மருந்து எளிது: x = t² என்று மாற்றினால் சார்பு 2t² ஆகிவிடும், ஒரே புறச்செருகலில் விடை துல்லியம்.

இதற்கு நேர்எதிரான நிலைமையும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். e^(cos x)-ஐ 0 முதல் 2π வரை தொகையிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சார்பு ஒரு முழுச் சுற்று வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. எனவே f'(b) = f'(a), f'''(b) = f'''(a), எல்லாமே சமம். விரிவின் ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யம். பிழை h-இன் எந்த அடுக்கையும்விட வேகமாகச் சரிகிறது. நான்கு கூறுகளில் 7.98932, எட்டில் 7.954928. உண்மை விடை 7.954927. எட்டுக் கூறுகளிலேயே பிழை சுமார் 0.0000012.

இதன்மேல் பழக்கதோஷத்தில் 4, 3 போட்டால் 7.94346 வருகிறது. பிழை 0.0115, அதாவது கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மடங்கு மோசம். ஒழிக்க h² உறுப்பே இல்லாத இடத்தில், நல்ல மதிப்போடு நான்கு கூறுகளின் கெட்ட மதிப்பையும் கலந்ததுதான் நடந்தது. சுற்றிவரும் சார்பை முழுச் சுற்றுக்குத் தொகையிடும்போது சரிவக விதியை அப்படியே விட்டுவிடுங்கள். வித்தியாசங்களின் விகிதம் 4-ஐத் தாண்டிப் பத்து, நூறு, ஆயிரம் என்று எகிறினால் அதுவே அடையாளம்.