‘பத்துக் கம்பி ஃபைபர் குடை’ வாங்கப் போறீங்களா? காந்தத்தை நம்பாதீங்க

மதுரையில் மாசி வீதிகள் பக்கம் குடை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூணு மடிப்புக் குடையை விரித்து, கம்பியில் ஒரு குட்டிக் காந்தத்தை வைத்துக் காட்டுகிறார்கள். காந்தம் ஒட்டாமல் கீழே விழும். “பாத்தீங்களா சார், இரும்பே இல்ல, முழு ஃபைபர். பத்துக் கம்பி வேற. எந்தக் காத்துக்கும் திரும்பாது” என்பார்கள். எனக்கும் அப்படித்தான் விற்றார்கள், 650 ரூபாய்க்கு.

காந்தம் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அலுமினியத்திலும் அது ஒட்டாது. ஏமாற்று வேலையே அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்துச் சாயங்கால மழை எப்படி வரும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் காற்றுதான் வரும். தெப்பக்குளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். திறந்த வெளி, தடுக்க ஒன்றுமில்லை. ஒரே வீச்சில் குடை மேல்பக்கமாகத் திரும்பியது. மடக்கிப் பார்த்தால் மூன்று கம்பிகள் ஒரே இடத்தில் ஒடிந்து தொங்கின. மறுநாள் கடையில் கேட்டதற்கு, “காத்துக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார், தையல் விட்டா கொண்டாங்க” என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் காற்றுக்கும் திரும்பாது என்று சொல்லி விற்றதும் அதே ஆள்தான்.

ஏன் ஒடிந்தது என்பதைப் பிளாட்பாரத்தில் குடை ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர்தான் விளக்கினார். மூணு மடிப்புக் குடையில் ஒவ்வொரு கம்பியும் மூன்று துண்டு. துணியின் ஓரத்தில் வரும் கடைசித் துண்டு மட்டும் உருண்டையான ஃபைபர் குச்சி. காந்தம் வைத்துக் காட்டியது அங்கேயும் அதற்கடுத்த துண்டிலும். தண்டை ஒட்டிய உள் துண்டுகள் கறுப்பு பெயின்ட் அடித்த மெல்லிய அலுமினியத் தகடு. வாய்க்கால் மாதிரி ‘ப’ வடிவில் வளைத்தது. பெரியவர் சாவி முனையால் லேசாகச் சுரண்டினார், வெள்ளையாகப் பளபளத்தது.

“தம்பி, ரிவிட் அடிக்க ஓட்டை போட்டிருக்கான் பாருங்க. காத்து இழுக்குறப்ப மொத்த பாரமும் இந்த மூட்டுலதான் வந்து நிக்கும். அந்த இடத்துலயே தகட்டக் குடைஞ்சு வச்சா நிக்குமா?”

ஒரு மீட்டர் அகலக் குடையின் உள்பக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் இழுப்பு பத்து கிலோவைத் தாண்டும். ‘ப’ வடிவத் தகட்டுக்கு அதன் இரண்டு பக்கச் சுவர்கள்தான் பலம். அவை ஒருமுறை விரிந்து மடங்கிவிட்டால், நிமிர்த்தினாலும் அடுத்த முறை அதே மடிப்பில்தான் போகும். ஃபைபர் குச்சி வளைந்து பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உடைந்தால் மட்டும் சிம்பு சிம்பாகக் கையில் ஏறும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

மடிக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டியிருப்பதால், மூணு மடிப்பில் உள் துண்டுகள் பெரும்பாலும் தகடாகத்தான் வரும். அது தப்பில்லை. அந்தத் தகடு கெட்டியான இரும்பாக இருந்தால் ஓரளவு தாங்கும், எடை கொஞ்சம் கூடும். ஆக, உள் துண்டில் காந்தம் ஒட்டினால்தான் எனக்கு நிம்மதி. துருப்பிடிக்கும் என்பார்கள், நனைந்த குடையை விரித்துக் காயவைத்தால் அந்தப் பிரச்சினை பெரிதாக வராது.

பத்துக் கம்பி என்ற பெருமையையும் பார்ப்போம். ஒரு மீட்டர் குடையின் சுற்றளவு சுமார் 314 செ.மீ. எட்டுக் கம்பி என்றால் கம்பிக்குக் கம்பி 39 செ.மீ. துணி, பத்து என்றால் 31. துணி இன்னும் விறைப்பாக நிற்கும், படபடக்காது. அந்த லாபம் உண்மை. ஆனால் எடை ஏறாமல் கம்பியைக் கூட்ட ஒவ்வொன்றையும் மெலிதாக்கிவிடுகிறார்கள், உடையக்கூடிய மூட்டுகளும் கூடுகின்றன. காற்றில் நடக்கிறவர்களுக்கு மடிக்காத நீளக் குடைதான் என் சிபாரிசு: இரும்புத் தண்டு, எட்டு முழு நீள ஃபைபர் கம்பி. அதில் கம்பிக்கு ஒரு மூட்டுதான். திரும்பினாலும், தண்டில் ஓடும் வளையத்தைக் கீழே இழுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

துணியிலும் ஒரு வேலை இருக்கிறது. என் குடை உடைவதற்கு முன்பே பெருமழையில் முகத்தில் பொடிச் சாரல் விழுந்தது. உள்ளே வெள்ளிப் பூச்சு, வெளியே இழை நெருக்கமில்லாத பாலியஸ்டர். பூச்சுதான் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது மடிப்புகளில் உதிர்ந்ததும் துணி சல்லடையாகிவிட்டது. கடையிலேயே குடையை விரித்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசிப் புள்ளிகள் தெரிந்தால் வேண்டாம். நகத்தால் உள்பக்கம் தேய்த்து வெள்ளிப்பொடி விரலில் ஒட்டினாலும் வேண்டாம். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகக்கூடாது.

என் பில்லில் ‘குடை - 1’ என்று மட்டுமே இருந்தது, அதனால் மேற்கொண்டு பேச வழியில்லை. ஃபைபர் என்று சொல்லி விற்றால், எந்தத் துண்டு ஃபைபர் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.